“எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?” முதல் வேலைக்குப் போகிறவர் என்ன சொல்வது?

முதல்படி: அடுத்த வாரம் என் முதல் நேர்முகத் தேர்வு. சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறாய் என்று கேட்டால் பொய்யும் சொல்லக்கூடாது, ஏமாறவும் கூடாது. என்ன சொல்லலாம்? இரண்டு வரி எழுதித் தந்தால் பழகிக்கொள்வேன்.

வாய்ப்பூட்டு: எண்ணை வாயிலேயே எடுக்காதே தம்பி. முதலில் சொல்பவன் தோற்றான். “உங்கள் விதிமுறைப்படி கொடுங்கள்” என்று முடித்துக்கொள்.

மேசைக்கு அந்தப்பக்கம்: 11 வருடமாக ஆள் எடுக்கிறேன். வாய்ப்பூட்டு சொல்வது பாதி சரி. முதல் தடவை கேட்டதும், “இந்தப் பதவிக்கு நீங்கள் ஒதுக்கியிருக்கும் வரம்பைச் சொல்ல முடியுமா?” என்று திருப்பிக் கேட்கலாம். பல சமயம் நானே சொல்லிவிடுவேன். ஆனால் இரண்டாவது தடவையும் கேட்டால் பதில் வேண்டும். “விதிமுறைப்படி” என்றால் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார் என்றுதான் என் காதில் விழும். விண்ணப்பப் படிவத்தில் அந்தக் கட்டம் கட்டாயமாக இருந்தால் தப்பிக்கவும் வழியில்லை.

முதல்படி, முதலில் உங்கள் கணக்கைப் போடுங்கள். எந்த ஊர்ப் பணம் என்று பார்க்காமல் அளவை மட்டும் பாருங்கள். வாடகை, சாப்பாடு, பயணம், கல்விக் கடன் எல்லாம் சேர்ந்து மாதம் 60 ஆகிறது. சம்பளத்தில் ஆறில் ஒரு பங்கு பிடித்தம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் பிடித்தத்துக்கு முன் 72 வேண்டும். அதற்குக் கீழே வந்தால் மறுத்துவிடுவீர்கள். இந்த எண் உங்களுக்கு மட்டும்தான்.

அப்புறம் வெளியே விசாரியுங்கள். இரண்டு விளம்பரங்கள் 80, 85 என்கின்றன. போன வருடம் புதியவராகச் சேர்ந்த சீனியருக்குச் சேரும்போதே 90 கொடுத்தார்கள். ஒரு விளம்பரம் 100 என்கிறது, ஆனால் ஒரு வருட அனுபவம் கேட்கிறது, அதை விட்டுவிடுங்கள். இனி இப்படிச் சொல்லலாம்:

“இதே வேலைக்குப் புதியவர்களுக்கு 90 வரை கொடுப்பதாக விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பிடித்தத்துக்கு முன் 88 எதிர்பார்க்கிறேன். உங்கள் வரம்பு வேறாக இருந்தால் சொல்லுங்கள், வேலையின் மற்ற விவரங்களோடு சேர்த்துப் பார்க்கிறேன்.”

வாய்ப்பூட்டு: 75 முதல் 95 என்று சொன்னால் இன்னும் பாதுகாப்புதானே?

மேசைக்கு அந்தப்பக்கம்: எனக்கு 75 மட்டும்தான் கேட்கும்.

கணக்குப்பிள்ளை: ஒரு நிமிடம். 80, 85 இரண்டும் தெரிந்திருந்தும் 90ஐ மட்டும் சொல்வது நேர்மையா? கேட்டவர் பொய் வேண்டாம் என்றார்.

மேசைக்கு அந்தப்பக்கம்: நல்ல கேள்வி. “90 வரை” என்பது உண்மை. “மற்றவர்கள் என்ன கொடுக்கிறார்கள்?” என்று நான் கேட்டால் மூன்றையும் சொல்லிவிட வேண்டும். கேட்காததைச் சொல்லாமல் இருப்பதைப் பொய்யில் சேர்க்க மாட்டேன். குறைந்தபட்சம் எவ்வளவு என்று கேட்டாலும் இதே கதைதான். “முழு விவரம் தெரிந்தபின் சொல்கிறேன்” என்பது சரி. 72க்கும் வரத் தயாராக இருந்துகொண்டு “88க்குக் கீழே வரவே மாட்டேன்” என்பது பொய்.

கணக்குப்பிள்ளை: எனக்கு முழுத் திருப்தி இல்லை. நானாக இருந்தால் “80 முதல் 90 வரை பார்த்தேன், 88 கேட்கிறேன்” என்பேன்.

மேசைக்கு அந்தப்பக்கம்: அப்போது 80க்கு இழுப்பார்கள். அது தெரிந்தே சொல்வதானால் சொல்லுங்கள்.

துணிச்சல்காரி: எதற்கு இவ்வளவு? வேறு இடத்தில் 100க்கு ஆஃபர் இருக்கிறது என்று அடித்துவிட்டேன். 95 கொடுத்தார்கள்.

மேசைக்கு அந்தப்பக்கம்: உங்களிடம் கடிதத்தைக் கேட்கவில்லை, அதிர்ஷ்டம். நான் கேட்பேன். “அப்படியானால் அங்கேயே சேருங்கள்” என்று வாழ்த்தியும் அனுப்பியிருக்கிறேன். அதற்குப் பிறகு இறங்கி வரக்கூட முடியாது.

பயிற்சிமுடிந்தது: எனக்கும் இதே சந்தேகம் அக்கா. இன்டர்ன்ஷிப்பில் 30தான் கொடுத்தார்கள். அதைச் சொன்னால் சிரிப்பார்களா?

மேசைக்கு அந்தப்பக்கம்: இங்கே கேள்வி இனி என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்பது. அந்த 30 பயிற்சி உதவித்தொகை. நீங்களாக எடுக்காதீர்கள், கேட்டால் 30 என்றே சொல்லி, அது பயிற்சிக்காலத் தொகை என்பதையும் சேர்த்துவிடுங்கள். 45 என்று கூட்டிச் சொன்னால் சான்றிதழ் சரிபார்க்கும்போது மாட்டுவீர்கள்.

வாய்ப்பூட்டு: மொத்தமாக ஆள் எடுக்கும் இடத்தில் எல்லாருக்கும் ஒரே சம்பளம். அங்கே இந்த வசனமெல்லாம் வீண்.

மேசைக்கு அந்தப்பக்கம்: அது உண்மை, ஒத்துக்கொள்கிறேன். அங்கே பேரம் கிடையாது. அந்தத் தொகைக்கு வருவாரா, பாதியில் விட்டுப் போவாரா என்று பார்க்கத்தான் கேட்கிறார்கள். அறிவித்த சம்பளம் 72க்கு மேல் இருந்தால், “அறிவிப்பைப் பார்த்தேன், எனக்குச் சம்மதம்” என்று சொன்னால் போதும். அதில் எவ்வளவு நிலையானது, எவ்வளவு ஊக்கத்தொகை என்று மட்டும் கேளுங்கள். 85இல் 15 ஊக்கத்தொகை என்றால், உறுதியாக வருவது 70தான். உங்கள் 72ஐத் தொடவில்லை.

முதல்படி: சொல்லிப் பார்த்தேன். “88 எதிர்பார்க்கிறேன்” என்றதும், கேட்காமலேயே “ஆனால் குறைத்தாலும் பரவாயில்லை” என்று வாய் தானாகச் சேர்த்துவிடுகிறது.

மேசைக்கு அந்தப்பக்கம்: அது பாதிப் பேருக்கு வருகிறது. 88 என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடியுங்கள்.

கணக்குப்பிள்ளை: 80ஐயும் சொல்லிவிட்டுக் குடியுங்கள்.