கலைச்சொல் வேண்டும்: ‘ஹேட் ரவி டோல்ட் அஸ்’ போன்ற தொடருக்கு என்ன பெயர்?

மாலதி, உட்லண்ட்ஸ்:

அனைவருக்கும் வணக்கம். தொடக்கநிலை 6 பிள்ளைகளின் பெற்றோருக்காக நாம் தயாரிக்கும் ஆங்கில இலக்கணக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஊரில் தமிழ்வழி படித்துவிட்டு இங்கே சிங்கப்பூருக்கு வந்தவர்கள், மாலையில் பிள்ளையோடு உட்கார்ந்து தாங்களே சொல்லித்தர வேண்டும் என்பதற்காகத்தான் தமிழில் எழுதுகிறோம். எல்லாம் முடிந்தது, பிஎஸ்எல்இ தேர்வுத் தாளில் வாக்கியத்தை மாற்றி எழுதும் பகுதியில் ஒரு தலைப்பு மட்டும் காலியாக நிற்கிறது. நம் குழு வழக்கப்படி ஆங்கிலத் தொடர்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன்.

‘இஃப் ரவி ஹேட் டோல்ட் அஸ், வி வுட் ஹேவ் வெயிட்டட்.’ ரவி சொல்லியிருந்தால் காத்திருப்போம் என்று பொருள். இதை ‘ஹேட்’ என்று தொடங்கி எழுதச் சொல்வார்கள். ‘இஃப்’ போகிறது, ‘ஹேட்’ ரவிக்கு முன்னே வருகிறது, மற்றதெல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கிறது: ‘ஹேட் ரவி டோல்ட் அஸ், வி வுட் ஹேவ் வெயிட்டட்.’

முந்தைய பதிப்பில் இதற்குத் ‘தலைகீழ் நிபந்தனை’ என்று பெயர் இருந்தது. அந்தப் பெயரை வகுப்பில் கேட்ட மாணவி ஒருத்தி வாக்கியத்தின் இரண்டு பாதிகளையும் இடம் மாற்றி, ‘வி வுட் ஹேவ் வெயிட்டட்’ என்று தொடங்கினாள். இன்னொரு பையன் பொருளையே கவிழ்த்து, ‘ரவி சொன்னான், நாங்கள் காத்திருக்கவில்லை’ என்று விளக்கினான். பெயர்தான் இருவரையும் அங்கே கொண்டுபோனது. புதிய பெயர் சொல்லுங்கள்.

சுரேஷ், பொங்கோல்:

அக்கா, இதில் புதிதாக ஒன்றும் இல்லை. கேள்வி கேட்கும்போது துணைவினை முன்னே வருகிறது அல்லவா? அதே விதிதான். ‘கேன்’, ‘வில்’, ‘டிட்’ எதுவானாலும் முன்னே போட்டால் ‘இஃப்’ தானாகவே கழன்றுவிடும். ‘கேள்வி வடிவ நிபந்தனை’ என்று வைத்துவிடுங்கள். கேள்வி எழுதப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும்.

கவிதா, தெம்பனிஸ்:

சுரேஷ் சொல்வதில் பாதி சரி. வடிவம் கேள்வியின் வடிவம்தான், ஆனால் எல்லாத் துணைவினையும் இப்படி முன்னே வராது. இன்றைய ஆங்கிலத்தில் இதற்கு உரியவை மூன்றே: ‘ஹேட்’, ‘ஷுட்’, ‘வெர்’. ‘இஃப் ஐ கேன் கம்’ என்பதைக் ‘கேன் ஐ கம்’ என்று மாற்றினால் அது வெறும் கேள்வியாகிவிடும். ‘இஃப் ஹி ஹேஸ் ஃபினிஷ்ட்’ என்பதிலும் ‘ஹேஸ்’ஸை முன்னே தள்ள முடியாது. கேள்வி என்று பெயர் வைத்தால் பிள்ளைகள் கடைசியில் கேள்விக்குறியும் போடுவார்கள். என் உயர்நிலை 1 மாணவர்களே போடுகிறார்கள்.

அந்த மூன்றிலும் ‘ஹேட்’ தான் ஆளைக் கவிழ்க்கும். ‘இஃப் ஹி ஹேட் எ கார்’ என்ற வாக்கியத்தைப் பாருங்கள். இங்கே ‘ஹேட்’ துணைவினை இல்லை, ‘வைத்திருந்தால்’ என்று பொருள்படும் முதன்மை வினை. அதைத் தூக்கி முன்னே வைத்து ‘ஹேட் ஹி எ கார்’ என்று எழுதினால் பழங்காலத்து ஆங்கிலம் போல இருக்கும், இன்று யாரும் அப்படி எழுதுவதில்லை. ‘வெர் ஹி டு ஹேவ் எ கார்’ என்று வேண்டுமானால் மாற்றலாம்.

மாறாக, ‘இஃப் ஹி ஹேட் ஹேட் த டைம்’ என்று இரண்டு ‘ஹேட்’ வந்தால் பிள்ளைகள் ஒன்றை அச்சுப்பிழை என்று நினைத்து அடித்துவிடுகிறார்கள். முதலாவது துணைவினை, இரண்டாவது முதன்மை வினை. முதலாவது மட்டும் முன்னே போகும்: ‘ஹேட் ஹி ஹேட் த டைம்’. நான் வகுப்பில் சொல்லும் சோதனை இதுதான்: ‘ஹேட்’டை விரலால் மறைத்துக்கொண்டு, அதற்கு அடுத்து மூன்றாம் வடிவ வினை ஒன்று நிற்கிறதா என்று பார். நின்றால் நகர்த்து, நிற்காவிட்டால் தொடாதே. ‘டோல்ட்’ நிற்கிறது, நகர்த்தலாம். ‘எ கார்’ நிற்கிறது, தொடக்கூடாது.

எதிர்மறையையும் பாருங்கள். கேள்வியில் ‘ஹேடன்ட் ரவி’ என்று சுருக்கலாம், இங்கே கூடாது. ‘ஹேட் ரவி நாட் டோல்ட் அஸ்’ என்று ‘நாட்’ பெயருக்குப் பின்னால்தான் நிற்கும். கேள்வியும் இதுவும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

இராமையா, ஜூரோங்:

கவிதா அம்மா தெளிவாக எழுதினார்கள். தமிழில் இதற்கு அயலிலிருந்து பெயர் தேட வேண்டியதில்லை. வேற்றுமை உருபு மறைந்தால் வேற்றுமைத்தொகை, உவம உருபு மறைந்தால் உவமைத்தொகை, ‘உம்’ மறைந்தால் உம்மைத்தொகை. இங்கே ‘இஃப்’ என்ற நிபந்தனை உருபு மறைகிறது. ஆகவே ‘நிபந்தனைத்தொகை’. ‘இஃப்’ உள்ள வாக்கியம் ‘நிபந்தனை விரி’. விரியைத் தொகையாக மாற்று, தொகையை விரியாக மாற்று என்று பயிற்சி கொடுத்தால் தமிழ் இலக்கணம் படித்த எந்தத் தாய்க்கும் ஒரு நொடியில் புரியும். ஒரு பெயர் தேடப்போய் இரண்டு பெயர் கிடைக்கிறது என்பது சிறிய ஆதாயம் அல்ல.

‘நிபந்தனை’ வடசொல் என்ற ஒரு குறை உண்டு. நன்னூல் வினையெச்ச வாய்பாடுகளில், செய்தால் என்று பொருள்படும் ‘செயின்’ என்று ஒன்றைச் சொல்கிறது. அதைக் கொண்டு ‘செயின்தொகை’ எனலாம். அதனினும் பழைய வழி ‘கால்’. தொல்காப்பியர் பின், முன், கால், கடை, வழி, இடத்து என்று அடுக்கி, அவற்றைக் காலம் கருதிய எச்சங்களோடு சேர்க்கிறார். குறள் 127இல் ‘காவாக்கால்’ என்கிறார் வள்ளுவர். காக்காத காலத்தில் என்பதுதான் காக்காவிட்டால் என்று ஆகிறது. நிபந்தனை என்பது நம் மொழியில் காலத்திலிருந்து பிறந்தது என்பதை இதைவிட அழகாக எங்கே பார்க்க முடியும்? ஜெர்மன் மொழியிலும் ‘வென்’ என்ற ஒரே சொல் ‘போது’ என்றும் ‘ஆல்’ என்றும் வரும். எனவே ‘கால்தொகை’ என்பதையும் குழு பரிசீலிக்க வேண்டும்.

ஜமால், பிடோக்:

ஐயா, மன்னிக்க வேண்டும். ‘செயின்தொகை’ என்று அச்சிட்டால் பெற்றோர் கழுத்தில் போடும் செயினைத்தான் நினைப்பார்கள். ‘கால்தொகை’ என்றால் கால்பங்குப் பணம். பள்ளியில் தமிழ்ப் பாடத்தைத் தேர்வோடு விட்டுவிட்டவர்கள் நம் வாசகர்களில் பாதிப்பேர். ‘நிபந்தனை’ வங்கிக் கடிதத்திலும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் கடிதத்திலும் வரும் சொல். அது இருக்கட்டும்.

எனக்கு வேறொரு கவலை. நான் அறிவிப்புகளை மொழிபெயர்ப்பவன். கடிதங்களின் அடியில் ‘ஷுட் யூ நீட் அஸிஸ்டன்ஸ்’ என்று வரும். ‘உங்களுக்கு உதவி தேவைப்பட வேண்டும்’ என்று புதியவர்கள் மொழிபெயர்த்துக் கொண்டு வருவதை இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறேன். ‘ஷுட்’ என்றாலே ‘வேண்டும்’ என்று மனப்பாடமாகியிருக்கிறது. ‘உதவி தேவைப்பட்டால்’ என்பதோடு முடிந்தது, கட்டாயம் எதுவும் அதில் இல்லை. கையேட்டில் பெயரை விட இதுதான் பெரிய எழுத்தில் வர வேண்டும்.

சுரேஷ், பொங்கோல்:

தமிழிலும் இது உண்டே! ‘வந்திருப்பேன், தெரிந்திருந்தால்’ என்று பேச்சில் திருப்பிப் போடுகிறோம். அப்படியானால் ‘திருப்பு நிபந்தனை’ போதுமே.

கவிதா, தெம்பனிஸ்:

தம்பி, நீங்கள் சொல்வது இரண்டு பாதிகளை இடம் மாற்றுவது. மாலதியின் மாணவி செய்ததும் அதைத்தான். தமிழில் ‘ஆல்’ வினையோடு ஒட்டியே இருக்கிறது, அதைப் பிரித்து எடுக்க வழியில்லை. ஆங்கிலத்தில் ‘இஃப்’ தனியாக நிற்பதால் கழற்ற முடிகிறது, கழற்றிய இடத்தைத் துணைவினை எடுத்துக்கொள்கிறது. பாதிகளை மாற்றினாலும் அது மாறாது: ‘வி வுட் ஹேவ் வெயிட்டட் ஹேட் ரவி டோல்ட் அஸ்’ என்று நடுவில் காற்புள்ளி இல்லாமல் எழுதலாம்.

ஜமால் அண்ணன் எடுத்த ‘ஷுட்’ தான் இராமையா ஐயாவின் பெயருக்கும் இடிக்கிறது. ‘இஃப் ஹி நீட்ஸ் ஹெல்ப்’ என்று கேள்வித்தாளில் இருக்கும். அங்கே நகர்த்துவதற்குத் துணைவினையே இல்லை. விடையோ ‘ஷுட் ஹி நீட் ஹெல்ப்’. ‘இஃப் ஹி ஷுட் நீட்’ என்ற அதிகம் வழங்காத வடிவம் இடையில் ஒளிந்திருக்கிறது, அதிலிருந்துதான் ‘ஷுட்’ முன்னே வருகிறது. பிள்ளை அதைப் பார்ப்பதில்லை. ஆகவே ‘ஷுட் ஹி நீட்ஸ்’ என்று ‘ஸ்’ஸை விட்டுவைக்கிறது. ‘ஷுட்’ வந்தபின் வினை வெறும் வேர்ச்சொல்லாக நிற்க வேண்டும். தொகையில் ஏதோ மறையும், புதிதாக ஒரு சொல் வந்து ஏறாது. இடமும் மாறாது. ‘தாமரை முகம்’ என்பதில் எந்தச் சொல் முன்னே தாவியது?

இராமையா, ஜூரோங்:

இடம் மாறுவதும் நமக்குப் புதிதல்ல அம்மா. இல்முன் என்பது முன்றில் ஆயிற்று. நகர்ப்புறம் புறநகர் ஆயிற்று. இலக்கணப்போலி என்று பெயரே உண்டு. இடமாற்றமும் மறைவும் சேர்ந்து வந்தால் மறைவை வைத்துப் பெயரிடுவதில் குற்றமில்லை. இலக்கணப்போலி என்று வைத்தால் பெற்றோர் அதைப் பிழை என்று எண்ணிவிடுவார்கள், அதனால்தான் அதை நான் முன்மொழியவில்லை.

ஜமால், பிடோக்:

‘துணைமுன் நிபந்தனை’ என்றால்? துணைவினை முன்னே வரும் நிபந்தனை. ‘முன்வினை’ என்று எழுத வந்தேன், போன பிறவிப் பாவமாகிவிடும் என்று விட்டுவிட்டேன். ‘ஷுட்’ புதிதாக வந்தாலும் முன்னேதான் வருகிறது, ஆகவே மூன்றுக்கும் பொருந்தும்.

கவிதா, தெம்பனிஸ்:

பொருந்துகிறது. என் வாக்கு இதற்கு.

இராமையா, ஜூரோங்:

‘துணைமுன்’ என்பதைத் ‘துணையின் முன்னே’ என்று பிரிப்பார்கள். துணைக்கு முன்னால் நிபந்தனை வருவதாகப் பொருள்படும். முன்துணை என்றாவது இருக்க வேண்டும். நான் தொகையிலேயே நிற்கிறேன்.

மாலதி, உட்லண்ட்ஸ்:

அச்சகத்தார் இன்று மாலைக்குள் கோப்பு கேட்கிறார்கள். தனிமடலில் வந்த கருத்துகளையும் சேர்த்துப் பார்த்தால் ‘நிபந்தனைத்தொகை’ பக்கம்தான் கூடுதல் பேர். பெரும்பாலானவர்கள் சொன்ன காரணம், விரி, தொகை என்ற ஜோடி இருப்பதால் பயிற்சித்தாளுக்கு வசதி என்பதுதான். தலைப்பு அதுவாகவே போகும். கவிதாவின் விரல் சோதனையையும் இரண்டு ‘ஹேட்’ வாக்கியத்தையும் கட்டம் போட்டுச் சேர்த்துவிட்டேன். ஜமால் அண்ணன் கேட்டபடி ‘இங்கே ஷுட் என்றால் வேண்டும் அல்ல’ என்பது பெரிய எழுத்தில் இருக்கிறது.

கவிதா, தெம்பனிஸ்:

சரி மாலதி, அச்சுக்கு விடுங்கள். ஆனால் தொகை என்று படித்த பிள்ளை ‘இஃப்’பை மட்டும் அடித்துவிட்டு ‘ரவி ஹேட் டோல்ட் அஸ், வி வுட்’ என்று எழுதி வருவான், பாருங்கள். அடுத்த பதிப்பில் இதை மீண்டும் எடுப்பேன். அதற்குள் ‘வெர்’ பயிற்சி 3இல் ‘வாஸ் ஐ’ என்று ஒரு விடை அச்சாகியிருக்கிறது, ‘வெர் ஐ’ என்று இன்றே மாற்றுங்கள்.