புதுப்பிப்பு: 30 கணினிகளுக்கு /27 போதுமா?

என் பழைய கேள்வி: "30 கணினிகள் உள்ள சப்நெட்டுக்குத் தேர்வில் /27, அதாவது 255.255.255.224 என்று எழுதினேன். ஏன் தவறு?"

உதவிய எல்லோருக்கும் நன்றி, விடை கிடைத்துவிட்டது. "இரண்டைக் கழிக்க மறந்திருப்பீர்கள்" என்றவர் சொன்னது பாதி சரி. நெட்வொர்க் முகவரி, பிராட்காஸ்ட் முகவரி இரண்டையும் கழிக்கத்தான் வேண்டும், ஆனால் நான் கழித்திருந்தேன்: /27-இல் 32 − 2 = 30. "ரவுட்டருக்கு முகவரி வேண்டாமா?" என்று கேட்டவரின் யோசனைதான் பலித்தது. வினாத்தாளை மறுபடி பார்த்தேன். ரவுட்டரின் ஓர் இடைமுகமும் அதே சப்நெட்டில் இருக்கிறது. ஆக 31 முகவரிகள் தேவை. /26, அதாவது 255.255.255.192, 62 தரும். மறுதேர்வில் இதை எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன்.

எதிர்பாராதது ஒன்று. இங்கே தன் அலுவலக இணைப்பைப் பற்றிக் கேட்க வந்த ஒருவர், இரண்டே முகவரிகள் உள்ள /31 போட்டிருந்தார். இரு ரவுட்டர்களை நேரடியாக இணைக்கும்போது ஆர்எஃப்சி 3021 என்ற இணையத் தர ஆவணத்தின்படி இரண்டு முகவரிகளும் பயன்படும். தேர்வில் அதற்கு வழக்கம்போல் இரண்டைக் கழித்து 0 எழுதுவதா, 2 எழுதுவதா? எங்கள் ஆசிரியர்கள் இருவரும் இன்னும் ஒத்துப்போகவில்லை.