தொட்ட பொருளும் பட்ட மனசும்: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

லூதியானா ரிட்டர்ன்:
பனியன் கம்பெனி வேலையாக லூதியானாவில் ஒன்றரை வருஷம் ஒரு சீக்கியர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். ஒரு நாள் கீழே சாப்பிடக் கூப்பிட்டார்கள். கட்டில் மேல் துணி சுற்றிய ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. எனக்கு உட்கார இடம் வேண்டுமே என்று அதை எச்சில் கையாலேயே எடுத்துச் செருப்பு ஸ்டாண்டு மேலே வைத்துவிட்டேன். வீட்டு அம்மா ஓடி வந்து அதை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டு அழவே ஆரம்பித்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுநாள் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் கோபப்படவில்லை, நிதானமாகச் சொன்னார். நான் எடுத்தது குட்கா, அதாவது தினசரி ஓதும் பாடல்கள் மட்டும் உள்ள புத்தகம். சீக்கியர்களின் புனித நூலான முழு குரு கிரந்த சாகிப் அவர்கள் வீட்டில் இல்லை. வைத்தால் அதற்குத் தனி அறை வேண்டுமாம். காலையில் எழுந்தருளச் செய்ய வேண்டும், ராத்திரி துயில் கொள்ள வைக்க வேண்டும், ஓதும்போது சாமரம் வீச வேண்டும், வேறு இடத்துக்குக் கொண்டுபோனால் தலையில் சுமந்துதான் போக வேண்டும். 1708-ல் நாந்தேட்டில் குரு கோவிந்த் சிங், தனக்குப் பிறகு மனிதக் குரு கிடையாது, கிரந்தம்தான் குரு என்று சொல்லிவிட்டார். அதனால் அதன் 1,430 பக்கங்களையும் பக்கம் என்று சொல்ல மாட்டார்கள், 'அங்' என்பார்கள், அதாவது அங்கம். பழசாகிக் கிழிந்தால் எடைக்குப் போடுவதில்லை. கோயிந்த்வால் சாகிப் என்ற ஊருக்குக் கொண்டுபோய் முறைப்படி எரியூட்டுகிறார்கள்.

"அவ்வளவு பெரிய குருவுக்கு என் எச்சில் கையால் என்ன ஆகிவிடும்?" என்று கேட்டேன், கொஞ்சம் திமிராகவே. "குருவுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அவர் தானாக எழுந்து நகர மாட்டாரே. விரிப்பதும் மூடுவதும் தூக்குவதும் எங்கள் பொறுப்பு. ஏதாவது நடந்தால் நாங்கள் தவறவிட்டோம் என்றுதான் அர்த்தம்" என்றார். அப்புறம் பர்காடி பற்றிச் சொன்னார். 2015 ஜூனில் ஒரு கிராமத்துக் குருத்வாராவில் திருடு போன பிரதியின் கிழிந்த பக்கங்கள், அக்டோபரில் பர்காடியில் தெருவில் கிடந்தன. பஞ்சாபே கொந்தளித்தது. பெஹ்பல் கலானில் போலீஸ் சுட்டதில் 2 பேர் செத்தார்கள். அதைச் சொல்லும்போது அவர் குரல் மாறிவிட்டது.

உங்களுக்கும் இப்படி நேர்ந்திருந்தால் எழுதுங்கள். நம்பிக்கை உள்ளவர்கள் என்ன விளக்கம் சொன்னார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம்.

டைம்பாஸ்:
லெதர் பெல்ட்டோடு கோயிலுக்குள் போகலாமா? எங்கள் ஊரில் தடுத்துவிட்டார்கள்.

லூதியானா ரிட்டர்ன்:
அது வேறு பஞ்சாயத்து, தலைவா.

காயல்காரி:
எங்கள் வீட்டில் குர்ஆனுக்கு மேலே எந்தப் புத்தகமும் வைக்கக்கூடாது. ஒலு இல்லாமல், அதாவது முறைப்படி கை, முகம், கால் கழுவாமல் தொட்டால் உம்மா கையைத் தட்டிவிடுவார். ஆனால் தமிழ் மொழிபெயர்ப்பை மட்டும் தனியாகத் தொட ஒலு தேவையில்லை என்று பல ஆலிம்கள் சொல்வார்கள், ஏனென்றால் அது விளக்கம்தானே, இறங்கிய வார்த்தை அரபிதான். எங்களுக்குப் புத்தகம் குரு இல்லை, அதை வணங்குவதும் இல்லை, அந்த வார்த்தை யாருடையது என்பதுதான் கணக்கு. பழைய பிரதிகளைத் துணியில் சுற்றி, யாரும் மிதிக்காத இடத்தில் புதைப்போம். எரிக்கலாமா என்று வாப்பாவும் பெரியப்பாவும் ஒரு பெருநாள் முழுக்கச் சண்டை போட்டார்கள். கலீஃபா உஸ்மான் (ரலி) காலத்தில் ஒரே சீரான பிரதி வேண்டும் என்று மற்றவற்றை எரித்தார்களே என்பது வாப்பா வாதம். பெரியப்பா கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

ஒரே நெருப்புதான். வைப்பவன் மனசில் என்ன இருக்கிறது என்பதில்தானே எல்லாமே மாறுகிறது.

ஜெசி:
பூசையில் நன்மை வாங்கும்போது எனக்கு முன்னால் நின்ற குழந்தை நற்கருணை அப்பத்தைக் கீழே தவறவிட்டுவிட்டது. மொத்தக் கோயிலும் உறைந்துவிட்டது. ஃபாதர் ஒன்றும் சொல்லாமல் குனிந்து எடுத்து அவரே உட்கொண்டார். பூசை முடிந்ததும் அந்த இடத்தைத் துடைத்து, தண்ணீரைச் சாக்கடைக்குப் போகாமல் நேராக மண்ணுக்குள் இறங்கும் தொட்டியில் ஊற்றினார்கள். ஆலயத்தில் அதற்கென்றே ஒரு தொட்டி இருப்பது எனக்கே அன்றுதான் தெரியும். அப்பத்தின் வடிவம் இருக்கும்வரை ஆண்டவர் அதில் இருக்கிறார், கரைந்துவிட்டால் இல்லை என்று ஃபாதர் சொன்னார். எனக்கு அது பாதிதான் புரிந்தது.

நேர்படப்பேசு:
உணர்ச்சியெல்லாம் சரி. சாமி சிலை உடைத்தால் இந்திய தண்டனைச் சட்டம் 295ஏ, 3 வருஷம் உள்ளே. மதத்தைப் பற்றி யார் மனசு புண்படப் பேசினாலும் அதேதான். சட்டமே தெளிவாகச் சொல்லியாகிவிட்டது.

ஓய்வுபெற்ற குமாஸ்தா:
தம்பி, பாதி சரி. பொருளைச் சேதப்படுத்துவது 295, அது 1860 சட்டத்திலேயே உண்டு. 295ஏ 1927-ல் சேர்த்தது, பேச்சுக்கும் எழுத்துக்கும். அதில் வேண்டுமென்றே, கெட்ட நோக்கத்தோடு செய்தால்தான் குற்றம். 1957-ல் ராம்ஜி லால் மோடி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத்தான் அழுத்திச் சொன்னது. யார் மனசு புண்பட்டாலும் உள்ளே என்பதெல்லாம் இல்லை. இப்போது புதுச் சட்டத்தில் இவை 298, 299.

திருச்சி வழக்கைப் படித்துப் பாருங்கள். 1953 மே மாதம் டவுன் ஹால் மைதானத்தில் பெரியார் களிமண் பிள்ளையாரை உடைத்தார். வீரபத்ரன் செட்டியார் என்பவர் வழக்குப் போட்டார். பிள்ளையார் உருவத்தில் இருப்பதாலேயே ஒரு மண்பொம்மை புனிதப் பொருள் ஆகிவிடாது என்று கீழ்க்கோர்ட் தள்ளியது, ஹைகோர்ட்டும் அதையே சொன்னது. 1958-ல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. பொருள் எவ்வளவு அற்பமானதாக இருந்தாலும், ஒரு சாரார் அதைப் புனிதம் என்று கருதினால் போதும், அதற்குப் பூஜை நடந்திருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை என்றது. உதாரணத்துக்கு பைபிள், குர்ஆன், கிரந்த சாகிப் மூன்றையும் சொன்னது. ஆனால் வழக்கு ரொம்பப் பழசாகிவிட்டது என்று மேல்நடவடிக்கை வேண்டாம் என விட்டுவிட்டது.

லூதியானாகாரருக்கு ஒன்று: 2000-ல் அதே நீதிமன்றம், குரு கிரந்த சாகிப் சட்டப்படி ஒரு 'நபர்', தன் பேரில் சொத்து வைத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்புச் சொன்னது. அதே சமயம் அதை விக்ரகத்தோடு ஒப்பிடக்கூடாது என்றும் சொன்னது, சீக்கியத்தில் விக்ரக வழிபாடு இல்லையே.

குருக்கள் மகன்:
களிமண் பிள்ளையார் என்றதும் சிரிப்பு வந்தது, கோபித்துக்கொள்ளாதீர்கள். சதுர்த்தி அன்று கடையில் வாங்கும்போது அது பொம்மைதான், பேரம்கூடப் பேசுகிறோம். வீட்டில் ஆவாஹனம் செய்தபிறகு சாமி. மூன்றாம் நாள் அப்பா புனர்பூஜை செய்து, பிள்ளையாரை வடக்குப் பக்கம் கொஞ்சம் நகர்த்தி வைப்பார். அதோடு போய்விட்டார் என்று அர்த்தம், அப்புறம் கிணற்றில் கரைப்போம். திருப்பணிக்கு முன் பாலாலயம் செய்வதும் இதே கணக்குதான், மூலவரின் சக்தியைக் கும்பத்துக்கு மாற்றிவிடுவார்கள். வரச்சொல்லி, அனுப்பி வைத்துச் செய்தால் கரைப்பதே மரியாதை. என் கணக்குப்படி கடையில் இருக்கும் பொம்மையில் சாமி இல்லை, உச்ச நீதிமன்றத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஓய்வுபெற்ற குமாஸ்தா:
நீங்கள் உள்ளே யார் இருக்கிறார் என்று பார்க்கிறீர்கள், கோர்ட் வெளியே நிற்பவன் மனசைப் பார்க்கிறது. அதே பொம்மையை ஒருத்தன் உங்கள் வீட்டு வாசலில் வந்து போட்டு உடைத்தால் என்ன செய்வீர்கள்?

குருக்கள் மகன்:
உடைத்தவனைச் சும்மா விடமாட்டேன், அது வேறு விஷயம்!

ஜெசி:
அது எப்படி வேறு விஷயம் ஆகும்?

லூதியானா ரிட்டர்ன்:
கிளம்பும் நாளில் பெரியவர் ஒரு குட்கா கொடுத்தார், ஆரஞ்சுத் துணியில் சுற்றி. இப்போது எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. குர்முகி படிக்க எனக்குத் தெரியாது. ஆனால் பெயிண்ட் அடிக்க ஆள் வந்தபோது முதலில் கை கழுவிக்கொண்டு போய் அதைத்தான் எடுத்தேன்.