[x]-க்கு x→2-ல லிமிட் ஏன் இல்லைங்கறாங்க? நாளைக்கு டெஸ்ட், யாராச்சும் சொல்லுங்க

தூக்கமில்லா_லெவன்த்:
கணக்கு இதான், lim x→2 [x]. நான் நேரா 2 போட்டு [2] = 2, ஆன்சர் 2ன்னு எழுதிட்டேன். டியூஷன் சார் அதை அடிச்சுட்டு "லிமிட் இல்லை, லெஃப்ட்ல 1 வருது"ன்னு எழுதிக் குடுத்துட்டு அடுத்த கணக்குக்குப் போயிட்டாரு. எனக்கு எங்க இடிக்குதுன்னா, 1.9, 1.99, 1.999ன்னு போய்க்கிட்டே இருந்தா கடைசில 2 தானே வருது, அப்போ லெஃப்ட்லயும் 2 தானே வரணும்? x²-க்கு எல்லாம் நேரா போட்டா வருதே.

சென்டம்_பார்ட்டி:
இதுல யோசிக்க ஒண்ணுமே இல்ல தம்பி. அடைப்புக்குள்ள முழு எண் வந்தா லிமிட் இல்லை, தசமம் வந்தா நேரா போடு. x→2.5-னா 2, முடிஞ்சுது. மனப்பாடம் பண்ணிட்டுத் தூங்கு.

சாக்பீஸ்_மேடம்:
தம்பி, நீ "கடைசில"ன்னு சொன்ன பாரு, அந்த கடைசி தான் இங்க கிடையாது. x→2-னா x, 2-க்கு எவ்வளவு கிட்ட வேணா போகும், ஆனா 2-ல நிக்கவே நிக்காது. 1.999-ல நில்லு, [x] 1. இன்னும் பத்து 9 சேர்த்துக்கோ, அப்பவும் 1 தான், ஏன்னா [x] பக்கத்து எண்ணுக்கு ரவுண்ட் பண்றது இல்ல, கீழ இருக்கற முழு எண்ணுக்கு இறக்குறது. 9 முடிவே இல்லாம போனா அது 2-ன்னு நீ சொல்றது சரிதான், ஆனா அப்போ அது 2-வே ஆயிடுது, லெஃப்ட்ல இருக்கற புள்ளி இல்ல.

வலது பக்கம் 2.1, 2.01, 2.001 எங்க நின்னாலும் 2. x²-ல 1.999 போட்டா 3.996001, 4-க்கு இருக்கற இடைவெளி நீ கிட்டப் போகப் போக சுருங்கிட்டே வரும். இங்க 1-க்கும் 2-க்கும் நடுவுல இருக்கற அந்த ஒரு படி, நீ எவ்வளவு கிட்டப் போனாலும் அதே ஒரு படியாவே இருக்கு, சுருங்கவே மாட்டேங்குது. அதனால தான் இல்லைங்கறோம். [2] = 2ங்கறது சார்போட மதிப்பு, லிமிட் அதைக் கேக்கவே இல்ல.

சென்டம், உங்க ரூல் பாதி தான் சரி. x→0-ல [sin x / x] எடுத்துக்கோங்க. உள்ள 1-க்குப் போகுது, முழு எண் தான், உங்க கணக்குப்படி லிமிட் இல்லை. ஆனா x = 0.1 போட்டா உள்ள சுமார் 0.9983, -0.1 போட்டாலும் அதே 0.9983. ரெண்டு பக்கமும் 1-க்கு கீழ இருந்தே வருது, அதனால ரெண்டு பக்கமும் 0, லிமிட் 0. உள்ள இருக்கறது எந்த முழு எண்ணுக்குப் போகுதுன்னு மட்டும் பாத்தா போதாது, மேல இருந்து வருதா கீழ இருந்து வருதான்னும் பாக்கணும்.

பைத்தான்_பித்தன்:
மேடம், நான் ஓட்டிப் பாத்தேன், x→0-ல ரெண்டு பக்கமும் 0 தான் வருது, அப்போ [x]-க்கு 0-ல மட்டும் லிமிட் இருக்கு போலயே?

```python
import math
print(int(-0.1), int(0.1))   # 0 0
print(math.floor(-0.1))      # -1
```

அட, மூணாவது வரி இப்போ தான் சேர்த்தேன், -1 வருதே.

சாக்பீஸ்_மேடம்:
அதே தான். int தசமத்தை வெட்டிடும், அவ்வளவு தான், மைனஸ்ல அது மேல ஏறினதுக்கு சமம். [-0.1] = -1, 0 இல்ல. பேப்பர் திருத்தும்போது பசங்க அதிகமா விழற குழி இது.

தூக்கமில்லா_லெவன்த்:
மேடம் இப்போ பிடிபடுது. புக் பின்னாடி [x] + [-x], x→2 இருந்துச்சு, போட்டுப் பாத்தேன். 1.9-ல 1 + (-2) = -1. 2.1-ல 2 + (-3) = -1. ரெண்டும் ஒண்ணு, அப்போ லிமிட் -1. ஆனா நேரா 2 போட்டா 2 + (-2) = 0 வருது. தனித்தனியா ரெண்டுக்கும் லிமிட் இல்ல, கூட்டினா இருக்கு, அப்படித்தானே?

சாக்பீஸ்_மேடம்:
ஆமா. "ரெண்டுக்கும் இல்ல, அதனால கூட்டலுக்கும் இல்ல"ன்னு மட்டும் எழுதிடாத.

சென்டம்_பார்ட்டி:
சரி மேடம், ஒத்துக்கறேன். ஆனா பப்ளிக்ல ரெண்டு மார்க்குக்கு இவ்வளவு எழுதினா டைம் பத்தாது.

இன்ஜினியரிங்_அரியர்:
கேப்புல என்னோடதையும் கேட்டுக்கறேன், x→0-ல x[1/x]. 0.3 போட்டா 0.9, 0.03 போட்டா 0.99, 1-க்குப் போற மாதிரி தான் தெரியுது. ஆனா [1/x] வலப்பக்கம் எங்கயும் நிக்காம மேல ஏறிக்கிட்டே போகுது, அப்போ ஸ்டெப் எப்படி எழுதறது? டேபிள் போட்டா மார்க் குடுக்க மாட்டேங்கறாங்க.