vin, vent, vont மூன்றும் எனக்கு ஒரே மாதிரி கேட்கின்றன, உதவி தேவை

புதுவை மாணவி
பிரெஞ்சு மொழிக்கான டெல்ஃப் ஏ2 தேர்வுக்குப் படிக்கிறேன். இலக்கணம் சமாளித்துவிடுகிறேன், காதுதான் சதி செய்கிறது. தோழி ஒருத்தி இந்த மூன்று சொற்களையும் மாற்றி மாற்றி இருபது தடவை சொல்ல, எழுதிப் பார்த்தேன். vin பெரும்பாலும் சரி. vent, vont இரண்டும் குத்துமதிப்புதான். நான் பேசினாலோ எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு 'ன்' ஒட்டிக்கொள்கிறது. bon என்றால் bonne என்று கேட்கிறதாம்.

மெஸ் சாப்பாடு
'ன்' வேண்டாம், 'ங்' என்று முடியுங்கள். போங், வாங். நான் அப்படித்தான் கற்றேன், யாரும் குறை சொன்னதில்லை.

பாரிஸ் அண்ணன்
'ங்' பாதி சரி தம்பி. தெற்கே மார்செய் பக்கம் pain என்பதைப் 'பெங்' போலச் சொல்லுவார்கள், அதனால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் பாரிஸ் உச்சரிப்பில் அந்த 'ங்' கிடையாது, உயிரொலியே மூக்கு வழியாகவும் வரும். 'ங்' வந்தாலும் நாக்கின் பின்புறம் அண்ணத்தில் ஒட்டி வாயை அடைக்கிறது என்றுதான் அர்த்தம்.

தங்கச்சி, bon சொல்லி அந்த ஒலியை மூன்று விநாடி நீட்டுங்கோ. நடுவில் மூக்கைப் பிடியுங்கோ. சத்தம் சட்டென்று நின்றால் நாக்கு வாயை அடைத்துவிட்டது, அதாவது 'ன்' வந்துவிட்டது. சத்தம் அடைபட்ட மாதிரி மாறி, ஆனால் தொடர்ந்து வந்தால் சரி. நாக்கு நுனியைக் கீழ்ப்பல்லின் பின்னால் வைத்துக்கொண்டால் அது மேலே போகாது.

பழைய பிரெஞ்சு டீச்சர்
புதுவையில் இருப்பவருக்கு இது புது ஒலியே இல்லை. நாம் தினமும் சொல்வதுதான், எழுத்து ஏமாற்றுகிறது. bonjour என்பதைப் 'போன்ஜூர்' என்று எழுதிப் படிக்கும்போதே 'ன்' வந்து உட்கார்ந்துவிடுகிறது.

வேகமாகப் பேசும்போது 'அவன் வந்தான்' என்று சொல்லிப் பாருங்கள், வாசிக்காமல். 'அவன்' என்பதன் கடைசியில் நாக்கு எங்கேயும் தொடாது, மூக்கில் ஒரு 'எ' மட்டும் மிஞ்சும். அது vin பக்கம். 'வந்தான்' முடிவில் மூக்கில் ஒரு 'ஆ': vent பக்கம். 'வந்தோம்' என்பதில் உதடு மூடாமலே ஒரு 'ஓ': vont பக்கம். அச்சு அசல் அதே ஒலி அல்ல, ஆனால் வாயின் வேலை அதுதான்.

கேட்பதில் நீங்கள் தடுமாறுவது நியாயமே. பாரிஸ்காரர் vent சொல்லும்போது அந்த 'ஆ' சற்று 'ஓ' பக்கம் சாய்ந்திருக்கும். அதனால் 'ஆ'வைத் தேடும் காது vont என்று எழுதிவிடுகிறது. உதட்டைப் பாருங்கள்: vont என்றால் உதடு குவிந்து முன்னே வரும், vent என்றால் வாய் திறந்து தளர்ந்திருக்கும். முதலில் காணொளியில் பார்த்தபடி, அப்புறம் திரையை மூடிக் கேளுங்கள்.

மெஸ் சாப்பாடு
அப்படியானால் bon ami என்பதில் n தெளிவாகக் கேட்கிறதே? அங்கே மட்டும் விதி தூங்குகிறதா?

பழைய பிரெஞ்சு டீச்சர்
அது வேறு கதை. bon போன்ற சில சொற்களில், ஒட்டி வரும் அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் n அந்தப் பக்கம் தாவி 'போ-நாமி' ஆகும். கேள்வி சொல் அங்கேயே முடியும்போது என்ன என்பது.

இன்னொரு கண்ணி சொல்லின் நடுவில். tante என்பதில் மூக்கொலிக்குப் பின் t வருகிறது. நமக்கோ 'ந்த' என்றாலே த மெலிந்துவிடும், 'தந்தை' மாதிரி. tante நம் வாயில் 'தாந்த்' ஆகி d போலக் கேட்கும். lampe-இல் b போல. மாணவர்கள் பலர் இங்கேதான் விழுந்தார்கள். மூக்கு 'ஆ'வை முடித்து, ஒரு கணம் நிறுத்தி, பிறகு 'பத்து' என்பதில் வரும் அழுத்தமான த்-ஐ வையுங்கள்.

பாரிஸ் அண்ணன்
அந்த 'அவன் வந்தான்' எனக்கு உதவவில்லை டீச்சர். எங்கட யாழ்ப்பாணப் பேச்சில் 'ன்' நன்றாகவே கேட்கும். மூக்கைப் பிடித்துத்தான் நான் பழகினேன். ஒன்று கேட்கட்டுமா, brun என்பதும் brin என்பதும் வேறா? வேலைத்தலத்தில் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்.

பழைய பிரெஞ்சு டீச்சர்
பாரிஸில் பெரும்பாலும் ஒன்றாகிவிட்டது. தெற்கிலும் பெல்ஜியத்திலும் பிரித்துச் சொல்வோர் உண்டு. நான் பிரித்தே கற்றுக்கொடுத்தேன், வீண் வேலை என்று சொன்னவர்களும் உண்டு.

புதுவை மாணவி
இரண்டு வாரம் கழித்து வருகிறேன். மூக்கைப் பிடித்தால் இப்போது bon நிற்கவில்லை. உதட்டைப் பார்த்தால் இருபதில் பதினேழு சரி. கண்ணை மூடினால் பதின்மூன்றுக்கு இறங்குகிறது. cinq cents என்று யாராவது வேகமாகச் சொன்னால் எந்த மூக்கொலி முதலில் வந்தது என்பதே இன்னும் பிடிபடவில்லை.