ஆசிரியருக்குக் கடிதம் (குப்பை வண்டி ஒழுங்காக வருவதில்லை): ஆங்கில வகுப்புக்கு, அவசர உதவி

செண்பகா_வீடு (இரவு 8:10)
நாளைக் காலைக்குள் வேண்டும். ஆசிரியருக்குக் கடிதம், ஆங்கிலத்தில். தெருவில் குப்பை ஒழுங்காக எடுப்பதில்லை என்பதுதான் பொருள். மகள் எழுதியதற்கு 5-க்கு 2 போட்டு, திரும்ப எழுதிவரச் சொல்லிவிட்டார்கள். நானும் படித்துப் பார்த்தேன், எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. பிறகு ஏன் மதிப்பெண் போனது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முத்து77 (8:16)
தெருக்குப்பையைப் பற்றி வகுப்பு ஆசிரியருக்கு ஏன் எழுதவேண்டும்? பள்ளி வாசலில் குப்பை கிடக்கிறது என்றால் தலைமையாசிரியருக்கு எழுதலாம். 'ரெஸ்பெக்டட் சார்' என்று தொடங்கி 'யுவர்ஸ் ஒபீடியன்ட்லி' என்று முடிக்கச் சொல்லுங்கள். எங்கள் காலத்தில் அப்படித்தான்.

வாசுகி_ரவி (8:19)
முத்து அண்ணா, அவர் கேட்பது பத்திரிகை ஆசிரியருக்கு எழுதும் கடிதம் என்று நினைக்கிறேன்.
செண்பகா அக்கா, எந்த வகுப்பு? எந்தப் பாடத்திட்டம்? எத்தனை வார்த்தைக்குள் எழுதவேண்டும்? திருத்திய தாளில் மிஸ் ஓரத்தில் ஏதாவது குறித்திருப்பார்கள், அது என்ன? இதெல்லாம் தெரியாமல் எப்படிச் சொல்வது?

கொட்டிவாக்கம்_குமார் (8:24)
கடிதம் எல்லாம் எதற்கு மேடம்? சென்னை மாநகராட்சி எல்லை என்றால் 1913-க்கு அடியுங்கள், புகார் எண் தருவார்கள். அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் கழித்து மறுபடி அடியுங்கள். என் அனுபவத்தில் புகார் எண்ணைச் சொல்லிக் கேட்டால்தான் வேலை நகர்கிறது.

பேராசான் (8:31)
இந்தக் கேள்வி இங்கே எத்தனையோ முறை வந்துவிட்டது. பழைய இழைகளைத் தேடிப் பார்க்கும் பொறுமை யாருக்கும் இல்லை. முகவரி, தேதி எல்லாம் இடது ஓரம். முதல் வரியில் 'த்ரூ தி காலம்ஸ் ஆஃப் யுவர் எஸ்டீம்டு நியூஸ்பேப்பர்' வந்தே ஆகவேண்டும். அது இல்லாததால்தான் மதிப்பெண் போயிருக்கும். இந்த அடிப்படைகூடத் தெரியாமல் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க உட்காரக் கூடாது.

செண்பகா_வீடு (8:45)
மன்னிக்கவும், சமையல் நடக்கிறது. பத்தாம் வகுப்பு, சிபிஎஸ்இ. 100 முதல் 120 வார்த்தை. ஆமாம், பத்திரிகை ஆசிரியருக்குத்தான். பேராசான் ஐயா சொன்ன வரி முதலிலேயே இருக்கிறது. முகவரியும் இடது ஓரம்தான்.
முதல் பத்தியில் சுத்தம் ஏன் முக்கியம் என்று எழுதியிருக்கிறாள். இரண்டாவதில் நாற்றம், கொசு, டெங்கு, மலேரியா. கடைசி வரி 'ப்ளீஸ் கலெக்ட் தி கார்பேஜ் டெய்லி அண்ட் ஒப்லைஜ்'. இந்தக் கடைசி வரியைச் சுற்றித்தான் மிஸ் சிவப்பு வட்டம் போட்டு, 'ஹூ வில் கலெக்ட்?' என்று எழுதியிருக்கிறார்கள். மேலே இன்னொரு இடத்தில் 'வேர்? வென்?' என்று இருக்கிறது. எங்கே, எப்போது என்று கேட்டால்? தெருவில்தானே?

கற்பகம்_பழைய_டெஸ்க் (8:58)
நான் ஒரு நாளிதழில் வாசகர் கடிதப் பக்கத்தைப் பல வருடம் பார்த்தவள். உங்கள் மிஸ் இரண்டு இடத்திலும் சரியாகத்தான் கைவைத்திருக்கிறார்.

முதலில் அந்தக் கடைசி வரி. பத்திரிகை ஆசிரியரிடம் குப்பை வண்டி கிடையாது. 'தினமும் எடுங்கள்' என்று அவரிடம் கேட்டால், நகராட்சிக்கு எழுதவேண்டிய புகாரை விலாசம் மாற்றிப் போட்டதுபோல ஆகிவிடும். ஆசிரியரிடம் கேட்கவேண்டியது இடம் மட்டும்தான். கடிதம் அச்சானால் ஊர் படிக்கும், நகராட்சிச் சுகாதாரப் பிரிவில் இருப்பவரும் படிப்பார். அதனால் கடைசிப் பத்தியில், செய்யவேண்டியவர் யார், அவர் என்ன செய்யவேண்டும் என்பது வரவேண்டும். வார்டு சுகாதார ஆய்வாளர் என்று சொல்வது 'கன்சர்ன்டு அதாரிட்டீஸ்' என்பதைவிட நல்லது. பின்னதைப் படித்துவிட்டு, அது தன்னைக் குறிக்கவில்லை என்று எல்லோரும் நகர்ந்துவிடலாம்.

அடுத்தது எங்கே, எப்போது. சுத்தம் முக்கியம் என்ற பத்தியை எந்த ஊர்க் கடிதத்திலும் ஒட்டிவிடலாம். எனக்கு வந்த கடிதங்களில் அந்த முதல் பத்தியைத்தான் முதலில் வெட்டுவேன். தலைப்பு 'ஒழுங்கில்லாமல்' என்கிறது. வண்டி எந்தெந்த நாள் வரவேண்டும், எந்தெந்த நாள் வந்தது? அதைச் சொல்லாமல் ஒழுங்கின்மையை எப்படிக் காட்டுவது?

உங்கள் தெருவில் நிஜமாக நடப்பது என்ன? அதைச் சொல்லுங்கள், மகளுக்கு அதுவே போதும்.

பேராசான் (9:04)
இது தேர்வுத்தாள், பத்திரிகை அலுவலகம் இல்லை. 'எஸ்டீம்டு', 'கன்சர்ன்டு அதாரிட்டீஸ்' எல்லாம் திருத்துபவர் எதிர்பார்க்கும் சொற்கள். அனுபவம் இருக்கிறது என்பதற்காகப் பிள்ளையைக் குழப்பாதீர்கள்.

இங்கிலீஷ்_டீச்சர்_தென்காசி (9:11)
நானும் தாள் திருத்துபவள்தான், பேராசான் சார். அந்த 5-இல் அமைப்புக்கு 1, உள்ளடக்கத்துக்கு 2, கருத்துகளைக் கோத்த விதத்துக்கு 1, பிழையின்மைக்கு 1. முகவரி, தேதி, பொருள், கையொப்பம் எல்லாம் சேர்ந்தே அந்த ஒரு மதிப்பெண்தான். 'எஸ்டீம்டு' இருந்தால் கூட்டுவதும் இல்லை, இல்லாவிட்டால் குறைப்பதும் இல்லை. ஒரே வகுப்பில் 40 தாளில் அதே வரி வரும்போது கண் தானாக அடுத்த வரிக்குப் போய்விடுகிறது.

செண்பகா மேடம், பிழையே இல்லை என்கிறீர்கள். 'சின்ஸ் டூ வீக்ஸ்' என்று எழுதியிருக்கிறாளா பாருங்கள். 'இரண்டு வாரமாக' என்பதை நாம் அப்படியே மாற்றிவிடுவோம். கால அளவு என்றால் 'ஃபார்', தொடங்கிய நாள் என்றால் 'சின்ஸ்'. அப்புறம் 'கார்பேஜ்' ஒருமையாகத்தான் வரும். 'கார்பேஜ் ஆர்' என்பது தப்பு, 'கார்பேஜஸ்' கிடையவே கிடையாது. எழுத்துப்பிழை தேடினால் இவை கண்ணில் படாது.

நலம்நாடி (9:15)
கொசுவை விட்டுவிடாதீர்கள், அதுதான் வலுவான பாயிண்ட். குப்பை அழுகினால் டெங்கு கொசு பெருகும்.

வாசுகி_ரவி (9:20)
பாதிதான் சரி. டெங்கு கொசு அழுகலில் முட்டையிடாது, தேங்கிய நல்ல தண்ணீரில்தான் இடும். நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறேன். குப்பைமேட்டில் நாங்கள் கவிழ்ப்பது இளநீர்க் கூடும் பிளாஸ்டிக் டம்ளரும்தான். மழைத் தண்ணீர் ஒரு வாரம், பத்து நாள் அதில் நின்றால் போதும், முட்டை கொசுவாகிவிடும். எடுக்காத குப்பையில் இளநீர்க் கூட்டில் தண்ணீர் நிற்கிறது என்று எழுதினால் உண்மை. குப்பையால் டெங்கு என்று மொட்டையாக எழுதினால் அரைகுறை.

முத்து77 (9:22)
பத்திரிகை ஆசிரியரா! நான் வாத்தியார் என்று நினைத்துவிட்டேன். 'ஒபீடியன்ட்லி' வேண்டாம் அப்போது. ஆனால் முகவரி வலது பக்கம்தான் வரவேண்டும், இடது என்பது இப்போது கொண்டுவந்த பழக்கம்.

பேராசான் (9:25)
இடது.

முத்து77 (9:26)
நாங்கள் படித்த இலக்கணப் புத்தகத்தில் வலது.

இங்கிலீஷ்_டீச்சர்_தென்காசி (9:30)
இரண்டையும் பார்த்திருக்கிறேன். பள்ளியில் எப்படிச் சொல்லிக்கொடுத்தார்களோ அப்படியே எழுதட்டும். பாதி இடது, பாதி வலது என்று கலக்காமல் இருந்தால் சரி.

பேராசான் (9:33)
முகவரியும் 120 வார்த்தைக்குள் சேருமா என்று முதலில் யாராவது தெளிவாகச் சொல்லுங்கள். அதைச் சொல்ல ஆள் இல்லை, இடது வலது பேசுகிறார்கள்.

செண்பகா_வீடு (9:41)
'சின்ஸ் டூ வீக்ஸ்' இருக்கிறது! 'கார்பேஜ் ஆர்' இரண்டு இடத்தில் இருக்கிறது. நான் கவனிக்கவே இல்லை.
தெருவைப் பற்றிக் கேட்டீர்கள். வண்டி தினமும் காலை 7 மணிக்கு வரவேண்டும். மாமியார் தினசரிக் காலண்டரில் பால் கணக்கு எழுதுவார், வண்டி வந்த நாளில் ஒரு புள்ளியும் வைப்பார். கிழித்த தாள்களை ஆணியிலேயே குத்தி வைத்திருக்கிறார். இப்போதுதான் எடுத்து எண்ணினோம். கடந்த 14 நாளில் 5 புள்ளி. அதில் ஒருமுறை தொடர்ந்து 4 நாள் புள்ளியே இல்லை. வந்த 5 நாளிலும் ஒரே நேரம் இல்லை, ஒருநாள் 11 மணிக்கு வந்தது. நான் 8:30-க்கே வேலைக்குக் கிளம்பிவிடுவேன். அதனால் முதல்நாள் ராத்திரியே வாளியை வாசலில் வைத்துவிடுகிறேன். நாய் உருட்டிவிடுகிறது.

கற்பகம்_பழைய_டெஸ்க் (9:52)
அக்கா, கடிதம் இதுதான். மாமியாருக்கு என் வணக்கம்.

வண்டி வராததைவிட, எப்போது வரும் என்று தெரியாததுதான் உங்கள் தெருவைக் கெடுக்கிறது. செவ்வாயும் வெள்ளியும்தான் வரும் என்று உறுதியாகச் சொல்லிவிட்டால்கூட நீங்கள் அன்று காலை வாளியை வெளியே வைப்பீர்கள், மற்ற நாளில் மூடி வைப்பீர்கள். நிச்சயம் இல்லாதபோதுதான் ராத்திரியே வாசலுக்கு வருகிறது, நாய் கிழிக்கிறது, பிறகு அலுத்துப்போனவர்கள் தெருமுனையில் கொட்டத் தொடங்குகிறார்கள். உங்கள் வாளியில் தொடங்கித் தெருமுனைவரை அப்படியே இரண்டாவது பத்தியில் வரட்டும்.

இப்படி இரண்டு வாக்கியம் போதும்: 'தி வேன் இஸ் சப்போஸ்டு டு கம் அட் செவன் எவ்ரி மார்னிங். இன் தி லாஸ்ட் ஃபோர்ட்டீன் டேஸ் இட் கேம் ஆன் ஃபைவ், ஒன்ஸ் ஆஃப்டர் எ கேப் ஆஃப் ஃபோர் டேஸ்.' மீதியை அவளே எழுதட்டும். சுத்தம் பற்றிய முதல் பத்தி போய்விட்டால் வார்த்தைக்கு இடம் கிடைத்துவிடும்.

பாண்டி_மேலூர் (10:03)
ஒரு விஷயம். என் அண்ணன் நகராட்சியில் ஒப்பந்தத்தில் பேட்டரி வண்டி ஓட்டுகிறார். ஒரு வண்டி சார்ஜ் நிற்காமல் படுத்துவிட்டால் அந்த ரூட்டையும் பக்கத்து வண்டிதான் பார்க்கும். ஒரு நடையில் நிரம்பிவிடும், உரக்கிடங்கில் கொட்டிவிட்டுத் திரும்பி வர மதியம் ஆகிவிடும். அப்போது கடைசித் தெருக்கள் விட்டுப்போகும். உங்கள் தெரு ரூட்டின் கடைசியில் இருக்கலாம்.
இன்னொன்று, நான்கு நாள் சேர்ந்த குப்பையில் மக்குவதும் மக்காததும் ஒன்றாகக் கலந்துவிடும். அதை அண்ணன் கையால்தான் பிரிக்கவேண்டும், இல்லாவிட்டால் உரத்துக்கு எடுக்கமாட்டார்கள். பிள்ளை எழுதும்போது 'பணியாளர்கள் வேலை செய்வதில்லை' என்று மட்டும் எழுதவேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த வரியைப் படித்தால் எங்கள் வீட்டில் மனசு கஷ்டப்படும்.

கற்பகம்_பழைய_டெஸ்க் (10:10)
பாண்டி, நல்லவேளை சொன்னீர்கள். அப்படியானால் கடைசிப் பத்தியில் கேட்கவேண்டியது இரண்டு: படுத்த வண்டிக்கு மாற்று வண்டி, தெருமுனையில் வண்டி வரும் நாளும் நேரமும் எழுதிய பலகை. இரண்டையும் ஒரு சுகாதார ஆய்வாளர் மேலே எழுதிக் கேட்க முடியும். ஆனால் உங்கள் தெருவில் வண்டி பழுதுதான் காரணமா என்பது தெரியாது, செண்பகா அக்கா. அதனால் காரணத்தைத் தீர்ப்பாக எழுதாமல், மாற்று வண்டி இருக்கிறதா என்று கேள்வியாக வைக்கச் சொல்லுங்கள்.

கொட்டிவாக்கம்_குமார் (10:14)
அப்படியே இதைப் பள்ளிக்கு மட்டும் கொடுக்காமல் நிஜமாகவே பத்திரிகைக்கும் அனுப்புங்கள் மேடம்.

கற்பகம்_பழைய_டெஸ்க் (10:17)
அனுப்பினால் மகளின் முழுப்பெயரும் அஞ்சல் முகவரியும் வேண்டும், இல்லாமல் பெரும்பாலும் போடமாட்டார்கள். பெரியவர் யாராவது பெயரில் அனுப்புவது நல்லது. பள்ளித்தாளில் கேள்வியில் கொடுத்த பெயரையே போடட்டும், சொந்த முகவரி வேண்டாம்.

செண்பகா_வீடு (மறுநாள், மாலை 6:40)
கொடுத்துவிட்டாள். 118 வார்த்தை, முகவரி சேர்க்காமல். 'எஸ்டீம்டு' வரியை எடுக்க அவளுக்குப் பயம், வைத்துக்கொண்டாள். மதிப்பெண் திங்கட்கிழமை தெரியும். மாமியார் பெயரில் பத்திரிகைக்கு அனுப்பலாம் என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம். காலண்டர் தாளைப் படம் எடுத்து இணைத்தால் எடுத்துக்கொள்வார்களா? எல்லோருக்கும் நன்றி. இன்றும் வண்டி வரவில்லை.

பேராசான் (7:02)
முகவரி வார்த்தைக் கணக்கில் சேருமா என்று மிஸ்ஸிடம் கேட்டீர்களா?