கேமரா சரியாகக் கண்டுபிடிக்கிறது, ஆனால் ரிஜெக்ட் தவறான பாட்டிலைத் தள்ளுகிறது: உதவி தேவை

லைன்_இரண்டு:
வணக்கம். மூடி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஸ்மார்ட் கேமராவை பிஎல்சியோடு இணைத்திருக்கிறேன். பாட்டில் வந்ததும் போட்டோ சென்சார் கேமராவுக்கு ட்ரிகர் கொடுக்கும். மூடி சரியில்லை என்றால் கேமராவின் ஒரு அவுட்புட் 10 மில்லிசெகண்ட் ஆன் ஆகும். அதை பிஎல்சி ஒரு மெமரி பிட்டில் செட் செய்து, டைமரை ஓடவிட்டு, நேரம் முடிந்ததும் ஏர் சிலிண்டரைத் தட்டிவிட்டு பிட்டை ரீசெட் செய்கிறது.

கன்வேயர் வேகம் நொடிக்கு 0.5 மீட்டர். பாட்டிலுக்குப் பாட்டில் 100 மி.மீ. கேமராவிலிருந்து சிலிண்டர் 600 மி.மீ. தள்ளி இருக்கிறது. டைமரை ஏற்றி இறக்கிப் பார்த்து 1.1 செகண்டில் வைத்தேன்.

கெட்ட பாட்டில் தனியாக வந்தால் எப்போதும் சரியாக வெளியே போகிறது. அடுத்தடுத்து இரண்டு வந்தால் இரண்டாவது தப்பித்துவிடுகிறது. இன்னொன்று, சில நேரம் கெட்டது போய்விட, அதற்கு முன்னால் போகும் நல்ல பாட்டில் தொட்டியில் விழுகிறது. கேமராத் திரையில் பார்த்தால் கெட்டதில்தான் சிவப்புக் கட்டம் வருகிறது. இரண்டு நாளாகத் தலையைப் பிய்த்துக்கொண்டு இருக்கிறேன்.

விளக்கு_வேலு:
இதே தொல்லையை நானும் பட்டேன். பளபளப்பான மூடியில் விளக்கு அடித்து, நல்லதையும் கெட்டது என்று காட்டிக்கொண்டிருந்தது. மேலே குடை மாதிரி பரவல் விளக்கு போட்டதும் சரியாகிவிட்டது. முதலில் வெளிச்சத்தைப் பாருங்கள்.

லைன்_இரண்டு:
அண்ணா, படத்தில் தீர்ப்பு சரியாகவே வருகிறது. 40 பாட்டிலைக் கையால் வைத்துப் பார்த்தேன், ஒன்றுகூடத் தவறவில்லை. தள்ளும் இடத்தில்தான் கோளாறு.

ஸ்கேன்_டைம்:
10 மில்லிசெகண்ட் பல்ஸ் மிகக் குறைவு. உங்கள் ப்ரோகிராம் ஸ்கேன் 12 மில்லிசெகண்ட் எடுத்தால், பிஎல்சி பார்க்கும் முன்பே சிக்னல் வந்து போய்விடும். கேமரா அமைப்பில் பல்ஸை 50 ஆக்குங்கள். தப்பித்தது பிடிபடும்.

பழைய_பேனல்:
பல்ஸை நீட்டுவது நல்லதுதான், அதைச் செய்துவிடுங்கள். ஆனால் நோய் அதுவல்ல. பல்ஸ் நழுவியிருந்தால் தனியாக வரும் கெட்ட பாட்டிலும் அவ்வப்போது தப்பியிருக்கும். உங்களிடம் தனியாக வந்தது ஒன்றுகூடத் தப்பவில்லை.

உங்கள் சிக்கல் இரண்டு. முதலாவது, ஒரே டைமர். கேமராவுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் எப்போதும் ஆறு பாட்டில் நிற்கிறது. முதல் கெட்டதுக்காக டைமர் ஓடும் 1.1 செகண்டுக்குள் இரண்டாவது கெட்டது வந்தால், ஏற்கெனவே செட்டாகி இருக்கும் பிட்டைத்தான் அது திரும்ப செட் செய்யும். இரண்டு செய்தி ஒன்றாகிவிடுகிறது. அடுத்தடுத்து என்று இல்லை, நடுவில் நான்கு நல்லது விட்டு வந்தாலும் இரண்டாவது தப்பிக்கும். சோதித்துப் பாருங்கள்.

இரண்டாவது, வேகம். ஆபரேட்டர் லைனை 0.42க்குக் குறைக்கிறாரா? கேமரா முடிவு சொல்ல 60, வால்வும் சிலிண்டரும் நகர 40, டைமர் 1100. ஆக மொத்தம் ட்ரிகரிலிருந்து 1200 மில்லிசெகண்ட். 0.5 வேகத்தில் அது சரியாக 600 மி.மீ. 0.42 வேகத்தில் 504தான். கெட்ட பாட்டில் 96 மி.மீ. பின்னால் நிற்கும்போது சிலிண்டர் அடிக்கிறது. அந்த இடத்தில் இருப்பது அதற்கு முன்னால் போன நல்ல பாட்டில்.

லைன்_இரண்டு:
ஆமாம் சார்! லேபிள் மாற்றும்போது வேகத்தைக் குறைப்பார்கள். அந்த நேரத்தில்தான் நல்ல பாட்டில் விழுகிறது. நான்கு விட்டும் சோதித்தேன், நீங்கள் சொன்னபடியே இரண்டாவது தப்பியது. இப்போது என்ன செய்வது?

பழைய_பேனல்:
நேரத்தை விட்டுவிட்டு தூரத்தை எண்ணுங்கள். ஒரு என்கோடரை பெல்ட்டோடு சுற்றும் ரோலரில் போடுங்கள். சுற்றுக்கு 1000 பல்ஸ், ரோலர் சுற்றளவு 250 மி.மீ. என்றால் ஒரு பல்ஸ் 0.25 மி.மீ. ஆக 600 மி.மீ.க்கு 2400 பல்ஸ். நொடிக்கு 2000 பல்ஸ் வரும், சாதாரண இன்புட் அதை எண்ணாது, ஹைஸ்பீட் கவுண்டர் இன்புட்டில்தான் கொடுக்க வேண்டும். சிலிண்டர் தாமதம் 40 மில்லிசெகண்டில் பெல்ட் 20 மி.மீ. நகரும், அது 80 பல்ஸ். எனவே 2320இல் தட்டிவிடுங்கள்.

பாட்டில் எங்கே இருக்கிறது என்று குறிப்பதை ட்ரிகர் சென்சாரில் வையுங்கள், கேமரா முடிவில் வேண்டாம். கேமரா ஒரு பாட்டிலுக்கு 35, இன்னொன்றுக்கு 90 மில்லிசெகண்ட் எடுக்கும். ட்ரிகர் நேரம் மாறாது.

இன்னொரு முக்கியமான விஷயம்: கேமராவிடம் "கெட்டது" என்ற சிக்னலை வாங்காதீர்கள். "முடிவு தயார்", "நல்லது" என்ற இரண்டையும் வாங்குங்கள். ஒவ்வொரு பாட்டிலும் கெட்டது என்றே வரிசையில் நுழையட்டும், நல்லது என்று வந்தால் மட்டும் விடுபடட்டும். ஒயர் அறுந்தாலும் கேமரா தொங்கினாலும் எல்லாம் தொட்டிக்குப் போகும், சந்தைக்குப் போகாது.

```
kick := FALSE;
IF trig.Q THEN
  head := (head + 1) MOD 16;
  pos[head] := enc + 2320;
  bad[head] := TRUE;
END_IF;
IF ready.Q AND passIn AND NOT late THEN
  bad[head] := FALSE;
END_IF;
IF tail <> head THEN
  nxt := (tail + 1) MOD 16;
  IF enc - pos[nxt] >= 0 THEN
    tail := nxt;
    kick := bad[nxt];
  END_IF;
END_IF;
pulse(IN := kick, PT := T#60ms);
```

`late` என்பது ட்ரிகருக்கு 150 மில்லிசெகண்ட் கழிந்தும் முடிவு வராவிட்டால் ஆன் ஆகி, அடுத்து வரும் முடிவை ஒதுக்கிய பிறகே ஆஃப் ஆக வேண்டும். 0.5 வேகத்தில் அடுத்த பாட்டில் 200இல் வந்துவிடும். அதற்குப் பிறகு வரும் முடிவு பழைய பாட்டிலுடையது, அது புதியதை விடுவிக்கக் கூடாது.

ஸ்கேன்_டைம்:
பழைய_பேனல் சார், `enc >= pos[nxt]` என்று நேராக எழுதாமல் கழித்துப் பார்ப்பது ஏன்?

பழைய_பேனல்:
32 பிட் கவுண்டர் 2147483647ஐத் தாண்டினால் எதிர்மறை எண்ணாகிவிடும். நேராக ஒப்பிட்டால் அதை ஒட்டிய நேரத்தில் வரிசை குழம்பி, தவறான பாட்டில் அடிபடும். நொடிக்கு 2000 பல்ஸ் என்றால் நிறுத்தாமல் 12 நாளுக்குச் சற்று மேல் ஓடினதும் நடக்கும். அப்போது யாராலும் காரணம் கண்டுபிடிக்க முடியாது. கழித்துப் பார்த்தால் சுற்றிக்கொண்டாலும் வித்தியாசம் சரியாக வரும்.

லைன்_இரண்டு:
போட்டுவிட்டேன். `late` வைக்க முதலில் மறந்து, பிறகு சேர்த்தேன். இரண்டு, மூன்று என்று அடுத்தடுத்து கெட்ட பாட்டில் விட்டேன், எல்லாம் வெளியே. 0.42இலும் 0.3இலும் முன்னால் போகும் நல்ல பாட்டில் விழவில்லை.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. லைனை நிறுத்தி மீண்டும் ஓடவிட்டதும் சில நேரம் கெட்ட பாட்டில் ஓரத்தில் மட்டும் அடிபட்டு, சாய்ந்து நகர்கிறது, தொட்டிக்குள் போவதில்லை.

பழைய_பேனல்:
80 பல்ஸ் முன்கூட்டி அடிப்பது 0.5 வேகத்துக்கான கணக்கு. சிலிண்டர் தாமதம் நேரமாகவே இருக்கும், தூரமாகாது. வேகம் பாதியானால் முன்கூட்டல் 40 பல்ஸ் போதும். லைன் தொடங்கும்போது வேகம் ஏறிக்கொண்டே இருப்பதால் 20 மி.மீ. வரை முன்னதாக அடிக்கிறது. கவுண்டர் வேகத்தை 40 மில்லிசெகண்டால் பெருக்கி, 2320க்குப் பதில் அதை 2400இலிருந்து கழித்து, தட்டும் நேரத்தில் கணக்கிடுங்கள்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும்: என்கோடர் மோட்டார் தண்டிலா, பெல்ட் ரோலரிலா? மோட்டாரில் என்றால் தொடங்கும்போது பெல்ட் வழுக்குவதை அது எண்ணாது. அப்போது இந்தக் கணக்கு போட்டாலும் ஓரத்தில்தான் அடிக்கும்.

லைன்_இரண்டு:
மோட்டார் தண்டில்தான் இருக்கிறது சார். ரோலருக்கு மாற்ற பிராக்கெட் செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை லைன் நிற்கும்போது மாற்றிவிட்டுச் சொல்கிறேன்.

விளக்கு_வேலு:
என்னுடைய லைனிலும் இப்போதுதான் பார்த்தேன், ஒரே டைமர்தான் போட்டிருக்கிறது. அடுத்தடுத்து இரண்டு கெட்டது விட்டதில் ஒன்று தப்பியது.